அடித்ததில் காணாமல் போன மூலம்

அக்கா மகள் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் மெட்ரிக் படிக்கிறாள். கணக்கு முதல் தாளில் முதல் கேள்வியே சமன்பாடு தீர்ப்பதுதான். அதனால் வார இறுதிகளில் அவளோடு உட்கார்ந்து அந்தப் பகுதியை மட்டும் போட்டுப் பார்த்தோம். அதில் ஒரு கணக்கு:

(x − 3)(2x + 1) = 4(x − 3)

இரண்டு பக்கமும் இருந்த (x − 3)-ஐ அடித்துவிட்டு, 2x + 1 = 4, ஆகவே x = 3/2 என்று முடித்துவிட்டாள். "போட்டுப் பார்த்துட்டேன் மாமா, ரெண்டு பக்கமும் −6 வருது" என்றாள். உண்மைதான். எழுதிய விடை சரியா என்றுதான் பிரதியிடுதல் சொல்லும். எழுதாமல் விட்ட விடையைப் பற்றி அது வாயே திறக்காது.

சரி, விரித்து எழுது என்றேன். 2x² − 5x − 3 = 4x − 12; எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் 2x² − 9x + 9 = 0. தன்மைக்காட்டி b² − 4ac = 81 − 72 = 9. அது பூச்சியத்தைவிடப் பெரியது, அப்படியானால் இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள் இருந்தே ஆக வேண்டும். அவளிடம் இருந்ததோ ஒன்று. பூச்சியமாக வந்திருந்தால் ஒரே விடையோடு நிறுத்தியதில் தப்பில்லை.

காணாமல் போனதைக் கண்டுபிடிக்க மறுபடி சூத்திரம் போடத் தேவையில்லை. மூலங்களின் கூடுதல் −b/a = 9/2. அதில் 3/2 போனால் மீதி 3. பெருக்கற்பலன் c/a = 9/2; 3/2 × 3 அதேதான்.

அந்த 3, அவள் அடித்த (x − 3)-ஐப் பூச்சியமாக்கும் எண். பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்பதால், அடித்த கணமே x = 3 வெளியே போய்விட்டது. அடிக்காமல் ஒரு பக்கம் கொண்டுவந்து பொதுக்காரணி எடுத்திருந்தால் (x − 3)(2x − 3) = 0 என்று இரண்டும் கிடைத்திருக்கும்.

கூடுதல், பெருக்கல் இரண்டையும் பார்ப்பது நல்லது. −3, −3/2 என்று குறி மாற்றி எழுதினாலும் பெருக்கற்பலன் 9/2 தான் வரும், கூடுதல்தான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் வர்க்கமூலக் கணக்கில் இதை அப்படியே நம்பக் கூடாது. √(x + 5) = x − 1 என்பதை வர்க்கப்படுத்தினால் x² − 3x − 4 = 0, விடை 4, −1. கூடுதல் 3, பெருக்கற்பலன் −4, எல்லாம் கச்சிதம். ஆனால் x = −1 போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. நம் சோதனை வர்க்கப்படுத்திய சமன்பாட்டுக்கு மட்டும்தான் சாட்சி. இங்கே முதலில் கொடுத்த கணக்கிலேயே போட்டுப் பார்த்து −1-ஐத் தள்ள வேண்டும்.