ரப்பர் என்றால் அழிரப்பர் இல்லை: 30 வினாடிப் பேச்சு ஒன்று எழுதிய கதை

மதுரை பக்கத்துக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் 14 பேர் வேலை செய்கிற ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறையில் நான் கணக்கும் மார்க்கெட்டிங்கும் சேர்த்துப் பார்க்கிறேன். முதலாளியை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு தொழில்முனைவோர் சந்திப்பில் சேர்ந்திருந்தார். வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஹோட்டல் ஹாலில் ஐம்பது பேர் கூடுவார்கள், ஆளுக்கு 30 வினாடி மைக் கிடைக்கும், நேரம் முடிந்தால் மணி அடித்துவிடுவார்கள். சேர்ந்து ஏழு வாரம் ஆகியும் ஒரு விசாரணைகூட உருப்படியாக வரவில்லை. எட்டாவது வாரம் என்னையும் கூட்டிப் போனார்.

அன்று அவர் பேசியது இது: "வணக்கம். நாங்கள் கப்பலூரில் இருபது ஆண்டுகளாக அனைத்து வகையான இண்டஸ்ட்ரியல் ரப்பர் உதிரி பாகங்களையும் சிறந்த தரத்தில், நியாயமான விலையில், குறித்த நேரத்தில் தயாரித்து வழங்கி வருகிறோம். யாருக்காவது ரப்பர் பாகங்கள் தேவைப்பட்டால்..." அங்கேயே மணி அடித்துவிட்டது, கம்பெனிப் பெயர் மணிச் சத்தத்தில் போய்விட்டது. டிபன் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த ஒரு துணிக்கடைக்காரர் அக்கறையாகத்தான் கேட்டார், "ரப்பர் ஸ்டாம்ப் எவ்வளவு நாள்ல செஞ்சு தருவீங்க?" அதற்கு முந்தின வாரம் இன்னொருவர் ஸ்கூல் ஸ்டேஷனரி ஆர்டர் இருக்கிறது என்று அழிரப்பர் கேட்டாராம். அண்ணனுக்கு மனசு கஷ்டம். எனக்கும்தான், ஆனால் கேட்டவர்கள் மேல் தப்பே இல்லை. நம் ஊரில் ரப்பர் என்றால் முதலில் பென்சில் டப்பாதான் கண்ணுக்கு வரும். அனைத்து வகையான என்று சொல்லிவிட்டோம், அவரவருக்குத் தெரிந்த வகையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது வண்டியிலேயே பேச ஆரம்பித்தோம். அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் நம்மிடம் நேரடியாக வாங்கப் போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். ஆடிட்டர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், கேட்டரிங்காரர், பிரிண்டிங் பிரஸ், பல் டாக்டர். ரப்பர் சீல் வாங்குகிற ஆள் ஒருவர்கூட இல்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் மெஷின் வைத்திருக்கும் நாலு பேரைத் தெரியும். அப்படியென்றால் நாம் பேசுவது அவர்களிடம் விற்பதற்காக இல்லை. அவர் இன்னொருவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை அவர் வாயில் வைப்பதற்காக. இது பிடிபட்ட பிறகு எழுதுவது வேறு வேலையாகிவிட்டது. நல்லா இருக்கா என்று பார்ப்பதை விட்டு, இதை ஓர் ஆடிட்டர் தன் கிளையண்ட்டிடம் திருப்பிச் சொல்ல முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

தரம், விலை, நேரம் என்பதை யாரும் திருப்பிச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அந்த ஹாலில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்போ நம்மிடம் மட்டும் என்ன இருக்கிறது? அண்ணனிடம் கேட்டால் எல்லாமே இருக்கிறது என்பார், பாவம், எல்லாவற்றையும் அவரே கட்டியவர். அதனால் பழைய பில் புத்தகத்தை எடுத்து, ஆள் தேடி வந்து கொடுத்த ஆர்டர் எது எது என்று மட்டும் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரி கதை. மெஷின் பழசு, செய்த கம்பெனி இப்போது அந்த மாடலுக்குப் பார்ட் தருவதில்லை, உள்ளே ஒரு ரப்பர் வளையமோ புஷ்ஷோ போய்விட்டது, பெரிய ரப்பர் கம்பெனிக்குப் போனால் ஆயிரம் பீஸ் எடுத்தால்தான் செய்வோம் என்கிறார்கள், இவர்களுக்கு வேண்டியது பத்து. அந்தப் பத்தை நாம் செய்து கொடுத்திருக்கிறோம். அதற்கு அச்சு வெட்ட வேண்டும், அச்சுக்கூலி தனியாக உண்டு, இருந்தாலும் மெஷின் நிற்கிற நஷ்டத்தைப் பார்த்தால் யாரும் அதில் பேரம் பேசியதில்லை.

அதைத்தான் சொல்வது என்று முடிவானது. அண்ணன் உடனே சம்மதிக்கவில்லை. "தம்பி, நமக்கு ரெகுலர் ஆர்டர்தானே சோறு போடுது, இந்தச் சில்லறை வேலையைப் போய் மைக்ல சொல்லணுமா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ரெகுலர் பார்ட்டிகளே முதலில் எப்படி வந்தார்கள் என்று பில்லைக் காட்டினேன். மூன்று பேர் இப்படிப் பத்து பீஸுக்கு வந்து தங்கியவர்கள்.

அடுத்தது நாள் கணக்கு. நான் எழுதின முதல் வடிவத்தில் ஒரு வாரத்தில் என்று போட்டிருந்தேன், கேட்க நன்றாக இருந்தது. பட்டறையில் ரப்பர் பிரஸ் மெஷினில் நிற்கிற இன்னொரு அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் கையில் பிசிறு வெட்டுகிற கத்தியோடு, "அச்சு யாரு குடுப்பா ஒரு வாரத்துல?" என்றார். அவர் சொன்ன கணக்கு இது: வட்டமான பாகம் என்றால் அச்சை லேத்தில் கடைந்துவிடலாம், அதற்கே ஐந்தாறு நாள் ஆகும். ரப்பர் வெந்து ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், அதற்காக அச்சைப் பெரிதாக வெட்டுவோம், முதல் சாம்பிள் அளவு சரியில்லை என்றால் அச்சைத் திருத்த இரண்டு நாள். கோணல்மாணலான பாகம் என்றால் லேத்தில் நடக்காது, நாள் கணக்கே வேறு. எனவே பேச்சில் "வட்டமான பார்ட்னா பன்னிரண்டு நாள்" என்று போட்டோம். மைக்கில் சொல்கிற எண்ணைப் பட்டறையில் இருப்பவர் ஒத்துக்கொள்ளாமல் சொல்லவே கூடாது என்பதில் நான் இப்போது ரொம்பக் கறாராக இருக்கிறேன், ஏனென்றால் அந்தத் தேதிக்குப் போன் வரும்போது பதில் சொல்பவர் அவர்தான்.

அப்புறம் நீளம். இங்கிலீஷில் 30 வினாடிக்கு 75 சொல் வரை எழுதலாம் என்று படித்திருந்தேன், அதே கணக்கில் தமிழில் எழுதி அண்ணனைப் பேசவைத்துப் போனில் பதிவு செய்தால் 44 வினாடி ஓடுகிறது. காரணம் சாதாரணமானதுதான். 'தயாரித்துக்கொடுக்கிறோம்' என்பது நமக்கு ஒரு சொல், வாய்க்கு எட்டு அசைவு. சொல்லை எண்ணுவதை விட்டுவிட்டு வெட்டிவெட்டி ஓட்டிப் பார்த்ததில், அண்ணன் நிதானமாகப் பேசினால் 50 சொல்லுக்குள் இருந்தால்தான் மணிக்கு முன்னால் முடிகிறது. எழுத்துத் தமிழில் எழுதிக் கொடுத்தால் அவர் ஒப்பிப்பது போலப் பேசினார். அதனால் பேசுகிற தமிழிலேயே எழுதினேன், தர்றோம், செஞ்சது, குடுங்க என்று, அவர் வாயில் எப்படி வருமோ அப்படி.

கடைசியில் நின்றது இது:

"இந்த ரெண்டு வளையமும் ஒரே மெஷினோடது. இது ஆயில் பட்டு ஊதிப்போனது. இது நாங்க செஞ்சது. பழைய மெஷினுக்கு ரப்பர் பார்ட் கிடைக்கலையா? உடைஞ்சதைக் கொண்டாங்க, அச்சு வெட்டி புதுசு செஞ்சு தர்றோம். வட்டமான பார்ட்னா பன்னிரண்டு நாள். பத்து பீஸ் போதும். இந்த வாரம் நான் தேடுறது ரைஸ் மில்லுல மெயின்டனன்ஸ் பார்க்கிற ஒருத்தர். தெரிஞ்சா நம்பர் குடுங்க." அப்புறம் கம்பெனிப் பெயர், கப்பலூர்.

பெயரைக் கடைசிக்குக் கொண்டுபோனது யோசித்துச் செய்தது. மைக் கை மாறுகிற முதல் இரண்டு மூன்று வினாடி யார் காதிலும் ஒன்றும் ஏறாது, நாற்காலி நகரும், அடுத்துப் பேசப் போகிறவர் தன் பேச்சை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்துக்குத்தான் வளையம். அண்ணன் எழுந்து ஒன்றும் பேசாமல் இரண்டு கையிலும் ஒவ்வொன்றைத் தூக்கிப் பிடிப்பார். ஒன்று தண்ணீர் லைனுக்கு ஏற்ற ஈபிடிஎம் ரப்பரில் யாரோ செய்து, தெரியாமல் ஆயில் லைனில் மாட்டிய சீல். ஈபிடிஎம்முக்கு எண்ணெய் ஆகாது, குடித்துக் குடித்து வீங்கிவிடும். விரலால் அழுத்தினால் ஊறிப்போன பணியாரம் மாதிரி அமுங்கும், உட்கார வேண்டிய பள்ளத்தில் உட்காராது. மற்றது அதே இடத்துக்கு, எண்ணெய் தாங்குகிற நைட்ரைல் ரப்பரில் நாங்கள் செய்தது. ஈபிடிஎம், நைட்ரைல் என்ற பெயர்களையும் மைக்கில் சொல்ல வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார், நான் விடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது, ஆடிட்டருக்கு அது போதும்.

கேட்கிற ஆளை வாரம் ஒன்றாக மாற்றினோம். ரைஸ் மில், அப்புறம் ஸ்பின்னிங் மில், அப்புறம் செக்கு எண்ணெய் ஆலை. யாருக்காவது வேணும்னா என்று கேட்டபோது ஹாலில் ஒருவர் தலையும் அசையவில்லை. ரைஸ் மில் மெயின்டனன்ஸ் என்றபோது பின்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து யோசித்தது எனக்கே தெரிந்தது. சாப்பிடும்போது வேண்டுமென்றே அறிமுகமில்லாதவர்களிடம் போய், அந்த ரப்பர்காரர் என்ன செய்கிறார் என்று சொன்னார் என்று கேட்டுப் பார்த்தேன். நாலு பேரில் மூன்று பேர் "உடைஞ்சதைக் குடுத்தா புதுசு செஞ்சு தருவாங்களாம்" என்றார்கள். பன்னிரண்டு நாள் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, கம்பெனிப் பெயர் ஒருவருக்குத்தான். பெயருக்காக அந்த வாரமே விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் 'உடைஞ்சதைக் கொண்டாங்க' என்று அச்சடித்தோம்.

மூன்றாவது வாரம் ஓர் ஆடிட்டர் மூலமாகத் திருமங்கலம் பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து ஆள் வந்தார். பாலிதீன் கவரில் சுற்றிய ஒரு சீல், எண்ணெய் சொட்டுகிறது. "ஆடிட்டர் சார் உடைஞ்சதைக் கொண்டுபோகச் சொன்னாரு" என்றார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் பிரஸ் அண்ணன் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், இது ஊதிக் கிடக்கிறது, இந்த அளவில் செய்தால் உள்ளே போகாது, பள்ளத்தின் அளவு வேண்டும். அந்த ஆள் அதை எடுத்து வரவில்லை. மறுநாள் நாங்களே போய் அளந்து வந்தோம்.

அன்று மாலை, பள்ளத்தின் அளவையும் எடுத்து வரச் சொல்லிப் பேச்சில் சேர்க்கலாமா என்று அண்ணனும் நானும் உட்கார்ந்தோம். சேர்த்து ஓட்டிப் பார்த்தால் 33 வினாடி. அதற்காகப் பத்து பீஸ் போதும் என்பதை எடுக்க வேண்டும், அல்லது வளையத்தைத் தூக்கிக்காட்டி நிற்கிற அந்த இரண்டு வினாடியைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் மனசு வரவில்லை. பேச்சை அப்படியே விட்டுவிட்டு, போனில் விசாரிப்பவர்களிடம் கேட்க வேண்டியது என்று ஒரு தாள் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். முதல் வரி: பார்ட் ஊதியிருக்கா, பள்ளம் எத்தனை மில்லி?