தங்கை கல்யாணத்துக்கு 45 விநாடி அழைப்பு

தங்கை கல்யாணத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்களைக் கூப்பிட வீடியோ தயார். அப்பா முதலில் எழுதியதை வாசித்தால் மூன்று நிமிடம் ஓடியது. இரண்டு பக்கத் தாத்தா பாட்டி பெயர்களும் அதில் இருந்தன. அதையெல்லாம் பத்திரிகையே சொல்லட்டும் என்று எடுத்துவிட்டோம். நிதானமாகப் பேசினால் 45 விநாடிக்கு ஏறக்குறைய 70 சொல்தான் கொள்ளும்.

முதல் 10 விநாடி மட்டும் வீட்டுக்கு வீடு தனி. சிங்கப்பூர் அத்தைக்கு அப்பா பேசியது: “அக்கா, மாமா, நல்லா இருக்கீங்களா? சின்னவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். நீங்க முன்னாடி நின்னு நடத்திக் கொடுக்கணும்.”

அப்புறம் எல்லோருக்கும் பொது: “பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணியிலிருந்து 7.30 வரை முகூர்த்தம். கும்பகோணத்துல. சனிக்கிழமை சாயங்காலமே நிச்சயதார்த்தம், அதனால வெள்ளிக்கிழமையே வந்துடுங்க. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்புறோம்.” கடைசி வரி அம்மா பேசியது: “குடும்பத்தோட வந்துடுங்க.”

பேசும்போதே தேதியும் ஊரும் திரையில் எழுத்தாக ஐந்தாறு விநாடி நிற்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க அந்த அவகாசம் போதும்.

டொராண்டோ சித்தப்பாவால் வர முடியாது. அவருக்கு விமான நிலைய வரியை எடுத்துவிட்டு நேரலை நேரத்தைச் சேர்த்தோம். நம் காலை 6 மணி அங்கே சனிக்கிழமை இரவு 7.30. ‘ஞாயிறு’ என்று மட்டும் சொன்னால், அவர் மறுநாள் எழுந்து போனைப் பார்க்கும்போது பந்தியே முடிந்திருக்கும்!