சிஎம்டி லெவல் 1 படிக்கிறவங்களுக்கு: ரெக்டாங்கிள்ல ஸ்டாப்லாஸ் எங்க வைக்கணும்

ரெக்டாங்கிள் பேட்டர்ன் சும்மா ஈஸிதானேன்னு நிறைய பேர் ஒரு பக்கம் படிச்சிட்டு தாண்டிப் போயிடுவாங்க, ஆனா எனக்கு இந்த சிலபஸ்ல கைல சார்ட் போட்டுப் பாத்தப்புறம்தான் இது முழுசா புரிஞ்சுது, அதனால அதே மாதிரி சொல்றேன்.

முதல்ல பாக்ஸ் வரையறது. மேல ரெண்டு தடவையாச்சும் கீழ ரெண்டு தடவையாச்சும் விலை தட்டித் திரும்பியிருக்கணும். ஒரே ஒரு கேண்டிலோட நீளமான விக் வெளிய நீட்டிட்டு இருந்தா அதுக்காக கோட்டை இழுக்காதீங்க, அதிகமான கேண்டில் எங்க திரும்புதோ அங்கதான் கோடு.

உதாரணத்துக்கு ஒரு பங்கு 480க்கும் 520க்கும் நடுவுல ரெண்டு மாசமா ஆடுதுன்னு வச்சுக்குவோம். வால்யூம் கொஞ்சம் கொஞ்சமா வத்திப்போய், ஒருநாள் நல்ல வால்யூமோட 526ல க்ளோஸ் ஆகுது, அந்த விலைக்கே வாங்குறீங்கன்னு வச்சுக்கங்க. பாக்ஸ் உயரம் 40, அதனால டார்கெட் 560. இதுல ஒண்ணு கவனிங்க, 40ஐ கூட்டுறது பாக்ஸோட மேல் கோட்டுல இருந்து, நீங்க வாங்குன விலையில இருந்து இல்ல. பரீட்சைல பதில் ஆப்ஷன்ல 566ன்னு ஒண்ணு இருந்தா மயங்கிடாதீங்க.

இப்போ ஸ்டாப்லாஸ். 478ல வச்சா ரிஸ்க் 48, கிடைக்கப்போறது 34, கணக்கே உதைக்குது. சரி 519ல ஒட்டி வைக்கலாம்னா, பிரேக்அவுட் ஆன பங்கு திரும்ப வந்து பழைய ரெசிஸ்டன்ஸ தொட்டுட்டுப் போறது ரொம்ப சகஜம், அந்த ரீடெஸ்ட்லயே உங்கள வெளிய தள்ளிட்டு அப்புறம் மேல போயிடும். அதனாலதான் ஸ்டாப்ப பாக்ஸுக்குள்ள கொஞ்சம் இறக்கி வைக்கிறது. எவ்வளவு இறக்கணும்? நான் பாக்குறது ஏடிஆர், அதாவது பங்கு ஒருநாள்ல சராசரியா எவ்வளவு ஆடுதுங்கற அளவு. அது 12ன்னா 520ல இருந்து 12 கழிச்சு 508. ரிஸ்க் 18, ரிவார்ட் 34, கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ரெண்டு. ஒரு ட்ரேடுல 2,700 ரூபாதான் விடலாம்னு முடிவு பண்ணியிருந்தா 150 பங்கு வாங்கலாம். இதுக்குப் பின்னாடி லாஜிக் சிம்பிள்தான், பழைய ரெசிஸ்டன்ஸ் இப்போ சப்போர்ட்டா நிக்கணும், அத உடைச்சு ஒருநாள் ஆட்டம் அளவுக்கு உள்ள போயிடுச்சுன்னா பிரேக்அவுட் பொய்யின்னு எடுத்துக்கலாம், 480 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

சில பேர் பாக்ஸோட நடுக்கோடு 500ல வைப்பாங்க, தப்பில்ல, ஆனா இந்தக் கேஸ்ல ரிஸ்க் 26 ஆயிடும், எனக்கு அது ஜாஸ்தி. பாக்ஸே ஏடிஆர விட ரெண்டு மடங்குகூட இல்லாம குறுகலா இருந்தா இந்த ட்ரிக்கே வேலைக்கு ஆகாது, உள்ள வச்சாலும் நடுக்கோட்டையே தாண்டி கீழ போயிடுவீங்க.

அப்புறம் கேப் டவுன். 508ல ஸ்டாப் இருக்கும், காலைல 500ல ஓப்பன் ஆச்சுன்னா மார்க்கெட் ஆர்டர் 500 பக்கத்துலதான் முடியும், நஷ்டம் 18 இல்ல 26. லிமிட் போட்ட ஸ்டாப்னா விக்காமலே தொங்கிட்டு இருக்கும், அது இன்னும் மோசம்.