நெல் ஏன் தண்ணீரில் நிற்கிறது?

தலங்கம பக்கம் பஸ்ஸில் போகும்போது, நீர் தேங்கிய வயலைப் பார்த்து மகள் கேட்டாள்: "அப்பா, நெல்லுக்கு மூச்சு முட்டாதா?"

முட்டாது. நெல்லின் தண்டிலும் வேரிலும் குழாய் போன்ற காற்றிடைவெளிகள் உண்டு. இலை வழியாக வரும் ஒட்சிசன் அதனூடாகச் சேற்றிலுள்ள வேர் வரை இறங்குகிறது. பெரும்பாலான களைகளுக்கு இந்த வசதி இல்லை. 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றாலே அவற்றின் விதைகள் முளைக்கத் திணறும். தண்ணீர் கட்டுவதற்கு முக்கியக் காரணமே இந்தக் களைதான்.

கிளிநொச்சியில் வயல் செய்யும் மாமா இதைக் கண்ணாலேயே கண்டுபிடிப்பார். வரம்பு உடைந்தோ, நிலம் மட்டமாகாமலோ ஒரு மூலை காய்ந்தால், அங்கே மட்டும் புல் மண்டிவிடும். ஆனால் நெல்லைப் போலவே இருக்கும் சில புற்கள் தண்ணீரிலும் தப்பி வளரும். அவற்றைக் கையால்தான் பிடுங்க வேண்டும், பாவம்.

எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. தேங்கிய நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது. அதனால் ஒரே வயலில் தலைமுறை தலைமுறையாக விதைக்கலாம், நிலத்தைத் தரிசாக விட்டு ஆற வைக்கத் தேவையில்லை. சீனாவின் யாங்சி ஆற்றங்கரையில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பயிராகத் தொடங்கிய நெல், இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் ஆசியாவுக்குச் சோறு போட்டது இப்படித்தான்.