பதினொன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு

என் ஆள் யூபிஎஸ்சி எழுதுகிறான். அதன் முதல் கட்டத் தேர்வான பிரிலிம்ஸுக்கு முந்தின நாள் அவனுக்கு ஒரு 'ஆல் த பெஸ்ட்' அனுப்ப வேண்டும், இதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் 2023-ல் நினைத்தேன். அந்த மெசேஜை இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே கூசுகிறது. ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பியிருக்கிறேன், அதுவே முதல் தப்பு. அதில் கடைசி வரி: "நீ கண்டிப்பா பாஸ் பண்ணிடுவ, நம்ம கல்யாணமே இதுலதான் இருக்கு, எனக்கு அவ்ளோ நம்பிக்கை." எங்கள் வீட்டில் இன்னும் விஷயம் தெரியாது (என் போனில் அவன் பெயர் 'பிரியா டெய்லர்'), வேலை கிடைத்த பிறகுதான் அப்பாவிடம் பேச முடியும், அதைத்தான் ஆசையாக எழுதினேன். அவனோ அதைப் படித்துவிட்டு ஒன்றரை மணி வரை தூங்கவில்லையாம்.

ஆனால் உண்மையில் கெடுத்தது அந்த மெசேஜ் இல்லை, மறுநாள் மதியம் அனுப்பியதுதான்.

பிரிலிம்ஸ் ஒரே நாளில் இரண்டு தாள். காலை ஒன்பதரைக்குப் பொது அறிவு, நூறு கேள்வி. மதியம் இரண்டரைக்கு சீசாட் என்கிற திறனறித் தாள், எண்பது கேள்வி. அடுத்த கட்டமான மெயின்ஸுக்குத் தேர்வாகக் காலைத் தாள் மதிப்பெண் மட்டும்தான் கணக்கு. சீசாட்டில் இருநூறுக்கு 66 எடுத்தால் போதும், அதற்கு மேல் எடுப்பதால் ஒரு பைசா லாபமில்லை, ஆனால் 66 வரவில்லை என்றால் காலைத் தாளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் வெளியேதான். நடுவில் மூன்று மணி நேர இடைவெளி. அந்த மே 28 அன்று அவன் பதினொன்றரைக்கு வெளியே வந்து நண்பனிடமிருந்து போனை வாங்கி ஆன் செய்ததும் முதலில் வந்து விழுந்தது என் "எப்படி இருந்துச்சு???". கூடவே ஏதோ டெலிகிராம் குழுவில் சுற்றிய விடைப் பட்டியலையும் அனுப்பி வைத்தேன், உதவுகிறேன் என்ற நினைப்பில். பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றுகொண்டே அதை வைத்துச் சரிபார்த்து, ஏழு கேள்வி போச்சு என்று முடிவுகட்டி, சாப்பிடாமல் உள்ளே போயிருக்கிறான். அந்தப் பட்டியலிலேயே நாலைந்து விடை தப்பு என்று சாயங்காலம் தெரிந்தது. யாரைத் திட்ட?

உள்ளே போனவன் என்ன செய்தான் என்பது மதிப்பெண் வந்தபோதுதான் புரிந்தது. யூபிஎஸ்சி பிரிலிம்ஸ் மதிப்பெண்ணை உடனே தராது, இன்டர்வியூ எல்லாம் முடிந்து இறுதி முடிவு வந்த பிறகுதான், அதாவது கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து. சீசாட்டில் 64.17. ஒரு கேள்விக்கு இரண்டரை மதிப்பெண், தப்பாகப் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 0.83, கழியும். நானும் அவனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்: 33 சரி, 22 தப்பு. 82.5-இல் 18.33 போனால் அதுதான் வரும். அந்த 22-இல் மூன்றே மூன்றை அவன் தொடாமல் விட்டிருந்தால் 66.67, பாஸ். ஆனால் காலையில் விட்டதை மதியம் பிடித்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஷேடு பண்ணியிருக்கிறான், சீசாட்டில் எவ்வளவு எடுத்தாலும் காலைத் தாளோடு சேராது என்பது நன்றாகத் தெரிந்தவன். அந்த வருஷத் தாள் கடினம்தான், எல்லோரும் புலம்பினார்கள். இருந்தாலும் என் பங்கு எனக்குத் தெரியும்.

2024-ல் தேர்தலால் பிரிலிம்ஸ் மே மாதத்திலிருந்து ஜூன் 16-க்குத் தள்ளிப்போனது. இந்த முறை மெசேஜை இரண்டாகப் பிரித்தேன்.

முதலாவது சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. வேண்டுமென்றே உப்புச்சப்பில்லாமல்: "ஹால் டிக்கெட் பிரிண்ட், ஒரிஜினல் ஐடி, கறுப்பு பால் பாயின்ட் ரெண்டு, அந்தப் பழைய முள் வாட்ச். ஒன்பது மணிக்கு கேட் மூடிருவாங்க, எட்டேகாலுக்கே அங்க இரு. இதுக்கு பதில் போடாத. தூங்குடா." நம்பிக்கை, கல்யாணம், அப்பா, எதுவும் இல்லை. கேள்வியும் இல்லை, ஏனென்றால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல உட்காருவான், பேச்சு வளரும்.

இரண்டாவதுதான் முக்கியம், மதியத்துக்கு. போனை ரூமிலேயே வைத்துவிட்டுப் போவது என்று பேசியாகிவிட்டது, எப்படியும் மையத்துக்குள் விடமாட்டார்கள். அப்போ என் பேச்சு அவனிடம் எப்படிப் போகும்? காகிதம்தான். அதையும் அவன் கையில் கொடுக்க பயம், சட்டைப் பையில் மறந்து வைத்து உள்ளே போனால் பிட் என்று பிடித்துக்கொள்வார்களே. அதனால் விடியற்காலையில் எலுமிச்சை சாதம் கிண்டி (ஆபீஸ் தோழிக்கு என்று அம்மாவிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ் என்று அவர் கேட்கவில்லை), டிபன் பாக்ஸ் மூடிக்குள் சீட்டை மடித்து வைத்து, அவனைப் பைக்கில் கொண்டுபோய் விடும் ரூம்மேட்டிடம் கொடுத்தேன். பதினொன்றரைக்குத்தான் டப்பா அவன் கைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

சீட்டில் எழுதியது இவ்வளவுதான்:

"காலைல எழுதினது முடிஞ்சுபோச்சு, அதை யார்கிட்டயும் பேசாத, எவனாவது கேள்வித்தாளோட பக்கத்துல வந்தா எந்திரிச்சுப் போயிரு. முழுசா சாப்பிடு. ரெண்டு மணிக்கு முன்னாடி உள்ள இரு. மதியம் உனக்கு 66 போதும், 67 கூட வேணாம். 32 சரி, 12 தப்புன்னா கூட 70 வருது. மாக் டெஸ்ட்ல பண்ணின மாதிரி முதல்ல பத்திக் கேள்வி, அப்புறம் கணக்கு. ரெண்டு ஆப்ஷனைக் கூட அடிக்க முடியலன்னா அந்தக் கேள்வியை விட்டுரு. சாயங்காலம் நான் எதுவும் கேக்க மாட்டேன், நீயா சொன்னா கேட்டுக்கறேன்."

இதில் புது விஷயம் எதுவுமில்லை, எல்லாம் அவனே மாக் டெஸ்ட் எழுதி எழுதி எனக்குச் சொன்னது. ஆனால் பதற்றத்தில் முதலில் மறப்பது நம் கணக்கைத்தான். அந்த 70 கணக்கை எழுத மட்டும் நான் மூன்று தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆவது.

சாயங்காலம் நான் கேட்கவில்லை. ஏழு மணி வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வேறு கதை. அவனாகவே கூப்பிட்டான். சீட்டில் எண்ணெய் படிந்து பாதி எழுத்து ஊறிப்போனதாம், 'விட்டுரு' என்பதும் 66-ம் மட்டும் தெளிவாக இருந்ததாம். ரூம்மேட் முதலிலேயே படித்துவிட்டிருக்கிறான், அது வேறு கேலி. முப்பது கேள்விக்கு மேல் தொடாமல் விட்டுவிட்டு வந்தேன் என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சீட்டில் நான்தானே எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 1-ந்தேதி வந்த பட்டியலில் அவன் எண் இருந்தது. செப்டம்பரில் மெயின்ஸ், ஐந்து நாளில் நாலு நாள் மதியமும் தாள், நாலு சீட்டு எழுதினேன், அதில் அவன் தேறவில்லை. பின்னால் வந்த மதிப்பெண்ணில் சீசாட் 79.17. 36 சரி, 13 தப்பு, மீதி 31 காலி. அடுத்த முறை எலுமிச்சை சாதம் வேண்டாம் என்கிறான், இட்லி கொடு, சீட்டு ஊறாது.