ரெஸ்யூமேயில் ஒரு வரி

மார்ச் 4

ரெஸ்யூமேயைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். ப்ராடக்ட் மேனேஜராக நான் வெளியிட்டவற்றில் செலவுக் கணக்கு செயலிதான் முதலில் வர வேண்டும். அதில் எந்த எண்ணைப் போடுவது என்பதிலேயே மாலை போய்விட்டது.

பதிவு செய்தவர்கள் 40,000 பேரிலிருந்து 90,000 பேராக உயர்ந்தார்கள். பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் அதே மாதங்களில் மார்க்கெட்டிங் குழு விளம்பரத்துக்கு நிறையச் செலவழித்தது. அந்த வளர்ச்சியில் என் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நேர்காணலில் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுதான். அந்த எண் வேண்டாம்.

மார்ச் 6

நான் தாராளமாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய எண் வேறொன்று இருக்கிறது. புதிதாக வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய நுழைவுத் திரைகளையும் மறுபாதிக்குப் புதியவற்றையும் காட்டினோம். பழையதில் 20 சதவீதம் பேர் ஏழாம் நாள் திரும்பி வந்தார்கள். புதியதில் 26 சதவீதம் பேர். விளம்பரம் பார்த்து வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் விழுந்திருப்பார்கள். அதனால் இந்த வித்தியாசம் திரைகளை மாற்றியதால் வந்தது என்று சொல்லலாம்.

இதை ‘30 சதவீத உயர்வு’ என்றும் எழுதலாம், கணக்கு சரிதான். ஆனால் எதிலிருந்து எதற்கு என்று தெரியாத 30 சதவீதத்தை யாரும் நம்ப மாட்டார்கள். 20-இலிருந்து 26 என்று இரண்டு முனையையும் எழுதிவிட்டேன். நிறுவனம் வெளியே சொல்லக்கூடாது என்று வைத்திருக்கும் எண்ணாக இருந்தால் மட்டும் உயர்வு விகிதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அனுமதி கேட்டேன், இதற்குத் தடையில்லை என்றார்கள்.

மார்ச் 9

அடுத்தது, இதில் யார் என்ன செய்தோம் என்பது. அப்போது எங்களோடு இருந்த டிசைனரிடம் போனில் பேசினேன். வங்கிக் கணக்கை இணைக்கச் சொல்லும் இரண்டாவது திரையில்தான் பலர் வெளியேறினார்கள். ‘தவிர்’ பட்டன் வைத்தால் போதும் என்பது என் முதல் யோசனை. பயனர்களோடு உட்கார்ந்து பார்த்தவர் அவர். “பட்டன் இல்லாதது இல்லைங்க பிரச்சினை. இன்னும் எதையும் காட்டாத செயலிக்கு வங்கி விவரத்தை ஏன் கொடுக்கணும்னு கேட்கிறாங்க” என்று அன்று சொன்னதை இன்றும் அப்படியே சொன்னார்.

அதனால்தான் அந்தத் திரையையே பின்னுக்குத் தள்ளி, முதல் செலவைக் கையால் பதிய வைத்தோம்.

எஞ்சினியர் உடனே ஒரு சிக்கலைக் காட்டினார். கையால் பதிந்த செலவு, பிறகு வங்கியை இணைக்கும்போது மறுபடியும் வந்து சேரும். ஒரே செலவு இரண்டு முறை கணக்கில் ஏறும். தொகை ஒன்றாக இருந்து, தேதி இரண்டு நாளுக்குள் இருந்தால் “இரண்டும் ஒன்றா?” என்று பயனரிடமே கேட்கலாம் என்ற தீர்வும் அவருடையதுதான். அதற்கு இரண்டு வாரம் கேட்டார். மாதாந்திர அறிக்கையைத் தள்ளிவைத்து அந்த இரண்டு வாரத்தைக் கொடுத்தது என் முடிவு.

மார்ச் 10

‘நான் வடிவமைத்தேன்’, ‘நான் உருவாக்கினேன்’ என்பவை இங்கே பொய். எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ என்று எழுதினாலோ, இவர் என்னதான் செய்தார் என்று படிப்பவருக்குத் தெரியாது. கடைசியில் இப்படி வந்தது:

“வங்கி இணைப்பு இரண்டாம் திரையில் இருந்ததால் புதியவர்கள் வெளியேறினர். டிசைனரின் பயனர் ஆய்வை வைத்து அதைப் பின்னுக்கு நகர்த்த முடிவு செய்தேன். இரட்டைப் பதிவைத் தடுக்க எஞ்சினியர் முன்வைத்த தீர்வுக்காக மாதாந்திர அறிக்கையைத் தள்ளிவைத்தேன். ஒப்பீட்டுச் சோதனையில் ஏழாம் நாள் திரும்பி வந்தவர்கள் 20%-இலிருந்து 26%.”

கொஞ்சம் நீளம். இருக்கட்டும். இதற்கு இடம் விட்டு, கீழே இருந்த மூன்று சின்ன வெளியீடுகளை எடுத்துவிட்டேன்.

மார்ச் 12

எஞ்சினியருக்கு அனுப்பினேன். “எங்க பங்கு சரியா இருக்கு. ஆனா வங்கி இணைப்பு எவ்வளவு குறைஞ்சதுன்னு எழுதலையே?” என்று கேட்டார். நியாயம். இணைக்கச் சொல்வதைத் தள்ளிப்போட்டால் இணைப்பவர்கள் குறைவார்கள் என்று எங்களுக்கு முன்பே தெரியும். 30 நாளுக்குள் இணைப்பவர்களின் விகிதம் 2 சதவீதப் புள்ளிக்கு மேல் குறைந்தால் பழையபடி மாற்றிவிடுவது என்று சோதனை தொடங்கும் முன்பே மூவரும் பேசி வைத்திருந்தோம். 1 புள்ளிதான் குறைந்தது. அதன் பிறகே எல்லோருக்கும் திறந்துவிட்டோம்.

எதை இழக்கத் தயாராக இருந்தோம், எங்கே நிறுத்தியிருப்போம் என்பது அதில் இருப்பதால் இதையும் ஒரு சிறு வாக்கியமாகச் சேர்த்தேன். அப்புறம் பக்கத்தைச் சேமித்துவிட்டு அடுத்த தயாரிப்புக்குப் போனேன். அது வெளியாகி ஆறு மாதத்தில் நாங்களே மூடியது. அதற்கும் ஒரு வரி இருக்கிறது.