இலையின் இடப்பக்கம்: வலது மூளை ஸ்ட்ரோக்குக்குப் பின் கவனத்தைச் சோதித்த அனுபவம்

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர், வயது 62. வலது மூளையில் ஸ்ட்ரோக் வந்து பத்து நாள். மதியச் சாப்பாட்டில் இலையின் வலப்பக்கம் சுத்தமாகக் காலி, இடப்பக்கம் வைத்த பொரியல் அப்படியே கிடந்தது. "பொரியல் புடிக்கலீங்களாப்பா?" என்று மகள் கேட்டதற்கு, "பொரியல் எங்க வெச்சே கண்ணு?" என்றார். இலையைத் திருப்பி வைத்ததும் அதையும் சாப்பிட்டு முடித்தார். பார்வை போய்விட்டது என்று வீட்டார் பயந்தார்கள். இடப்பக்கப் பார்வை மட்டும் போனவர் பொதுவாகத் தலையைத் திருப்பித் தேடுவார். இவர் தேடவே இல்லை. இதற்குப் பெயர் இடப்பக்கப் புறக்கணிப்பு. கண்ணில் கோளாறு இல்லை, கவனம் அந்தப் பக்கம் போவதில்லை.

முதல் சோதனைக்கு ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, ஒரு ஸ்கேல் போதும். தாளின் குறுக்கே 20 செ.மீ. கோடு போட்டு, "இதுக்கு நடுவுல ஒரு குறி போடுங்க" என்று சொல்ல வேண்டும். கெட்டுப்போவது தாள் வைக்கும் இடத்தில்தான். கோட்டின் நடு அவருடைய நெஞ்சின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். தாளை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் அவரே அதை வலப்பக்கம் இழுத்துக்கொள்வார், குறி நடுவிலிருந்து தள்ளிப்போகும் அளவு சின்னதாகிவிடும். சொந்தக்காரர்கள் அவருக்கு வலப்பக்கம் நின்று பேசினால் கவனம் இன்னும் அங்கேயே போகும், அளவு பெருசாகிவிடும். சோதிப்பவர் நேரெதிரே உட்காருவதே நல்லது. தினமும் போடுகிற கண்ணாடியும் போட்டிருக்கட்டும்.

இவர் மூன்று தாளில் போட்ட குறிகள் இடது முனையிலிருந்து 13.6, 14.1, 13.4 செ.மீ. சராசரி 13.7. அதாவது நடுவிலிருந்து 3.7 செ.மீ. வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கிறது. நல்லபடியாக இருப்பவர்கள் சில மில்லிமீட்டர்தான் தவறுவார்கள், அதுவும் பெரும்பாலும் லேசாக இடப்பக்கம். புறக்கணிப்பு இல்லாமல் இடப்பக்கப் பார்வை மட்டும் போனவர்களின் குறியும் பொதுவாக இடப்பக்கமே சாயும். அதனால் குறி எந்தப் பக்கம் போகிறது என்பதே பெரிய தடயம்.

பிறகு கோட்டின் இடது முனையில் ஓர் எழுத்தை எழுதி, "முதல்ல இதைப் படிச்சுட்டு அப்புறம் குறி போடுங்க" என்றோம். குறி 11.5-க்கு வந்துவிட்டது. கண் அதே கண், கோடும் அதே கோடு. கவனத்தை இழுத்துக்கொண்டு வந்ததும் நடு நகர்ந்துவிட்டது. வீட்டாருக்கு எத்தனை விளக்கினாலும் புரியாதது இந்த இரண்டு தாளை அருகருகே வைத்தால் புரிந்துவிடும்.

கோடு ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. சிலர் கோட்டைச் சரியாகப் பிரித்துவிட்டு, தாளில் சிதறிய சின்னக் கோடுகளை அடிக்கச் சொன்னால் இடப்பக்கம் முழுவதையும் விட்டுவிடுவார்கள். இதற்கென உள்ள ஆல்பர்ட் சோதனைத் தாளில் இருப்பது 40 கோடு. நடுவில் உள்ள 4-ஐ நாம் அடித்துக் காட்டிவிட்டு மீதி 36-ஐ விட்டால், இவர் வலப்பக்கம் 18-ல் 17, இடப்பக்கம் 18-ல் 4 மட்டும் அடித்தார்.

கடிகாரம் வரையச் சொல்லும் சோதனைக்கு வட்டத்தை நாமே வரைந்து தருவது நல்லது. எண்களைப் போட்டுவிட்டு 11 மணி 10 நிமிஷம் காட்டச் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு முள் இடப்பக்கமும் ஒரு முள் வலப்பக்கமும் வேண்டும் என்பதால்தான் அது. இவர் 12 முதல் 6 வரை வலப்பக்கம் இறக்கி, 7, 8, 9 மூன்றையும் 6-க்குப் பக்கத்திலேயே நெருக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் திட்டமிடும் திறன் குறைந்தாலும் எண்கள் தாறுமாறாகும். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அவர்களுக்குக் கோடு அடிக்கும் தாளே போதும்.

ஏன் பெரும்பாலும் இடப்பக்கமே தொலைகிறது? மூளையில் கவனத்துக்கு இரண்டு வலைப்பின்னல்கள் உண்டு என்பது கார்பெட்டா, ஷுல்மன் என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரின் விளக்கம். மேல்வலை இரண்டு பாதியிலும் இருக்கிறது, ஒவ்வொரு பாதியும் கவனத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். கீழ்வலை பெரும்பாலும் வலப்பாதியில் இருக்கிறது. எதிர்பாராத ஒன்று நடந்தால் சட்டென்று திரும்ப வைப்பது அதன் வேலை. பக்க எலும்பு மடலும் பொட்டு மடலும் சேரும் இடம் அதில் முக்கியமானது, இவ்வகை ஸ்ட்ரோக்கில் அடிக்கடி அடிபடுவதும் அதுதான். கீழ்வலை அடிபட்டால் விழிப்பு குறையும், சேதமே இல்லாத மேல்வலையிலும் சமநிலை குலையும். இடது பாதி ஓங்கிவிட, கவனம் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும்.

விழிப்பும் இதில் சேர்ந்திருப்பதால்தான் ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரியும், மத்தியானம் களைத்தபின் வேறு மாதிரியும் குறி போடுகிறார். மறுபடி அளக்கும்போது அதே நேரம், அதே உட்காரும் நிலை, அதே 20 செ.மீ. கோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேறியதா, தூங்கி எழுந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவருடைய தாள்களின் ஓரத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதி வைத்தோம். இலையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் வைத்து, அது கண்ணில் படும்வரை அப்பாவைத் தலையைத் திருப்ப வைத்து, அதன்பின் சாப்பிட வைக்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறோம்.